மின்சாரக் கார் புக் செய்வதற்கு முன்: மீட்டர், வயரிங், எர்த் மூன்றையும் நீங்களே எப்படிப் பார்ப்பது

ஷோரூமில் காரின் ரேஞ்ச் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். உங்கள் வீட்டு மீட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். "வீட்டில் 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கா சார்? அப்போ போதும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த பாயிண்ட் கீசருக்கோ வாஷிங் மெஷினுக்கோ போட்டது. கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும், வயர் சூடாகும் முன்பே வேலை முடிந்துவிடும். கார் அதே பாயிண்டில் கிட்டத்தட்ட 15 ஆம்பியரை மணிக்கணக்கில், பேட்டரி காலியாக இருந்தால் விடிய விடிய இழுக்கும். இருபது வருடமாகப் பிரச்சினையே தராத ஒரு லூஸ் ஸ்க்ரூ முதல் வாரத்திலேயே கருகுவது இதனால்தான்.

தாம்பரம் பக்கம் நண்பர் ஒருவரின் தனி வீட்டை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். தொண்ணூறுகளில் கட்டியது, சிங்கிள் ஃபேஸ், பிற்பாடு சேர்ந்த இரண்டு ஏசி, ஒரு கீசர், ஒரு ஹெச்பி மோட்டார். தமிழ்நாட்டில் நிறைய வீடுகள் இப்படித்தான் இருக்கும்.

முதலில் எந்த சார்ஜர் என்று முடிவு செய்யுங்கள்

வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சாதாரண 16 ஆம்பியர் மூன்று பின் பிளக்கில் செருகும் போர்ட்டபிள் சார்ஜர், சுமார் 3.3 கிலோவாட். இன்னொன்று சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெட்டி, 32 ஆம்பியர். மாற்று மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ஆன்போர்டு சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் என்றால் சுவரில் 7.2 மாட்டினாலும் கார் 3.3தான் எடுக்கும். வாங்கப்போகும் மாடலில், அதிலும் அந்த வேரியன்ட்டில், எத்தனை கிலோவாட் என்று முதலில் கேளுங்கள்.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து ஏழெட்டு யூனிட் ஆகும். 3.3 கிலோவாட்டில் அது இரண்டரை மணி நேர வேலை. ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் ஒரு மணிக்கு முடிந்துவிடும். அதனால் என் கருத்து, தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதவர்கள் 7.2க்காக அலைய வேண்டாம். பழைய வீட்டில் ஒழுங்கில்லாமல் போட்ட 32 ஆம்பியரைவிட ஒழுங்காகப் போட்ட 15 ஆம்பியர் எவ்வளவோ மேல்.

மீட்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

மீட்டர் பெட்டிக்கு டார்ச்சோடு போங்கள், சீலைத் தொட வேண்டாம். முகப்பில் 5-30A அல்லது 10-60A என்று அச்சடித்திருக்கும். இரண்டாவது எண்தான் அந்த மீட்டர் தாங்கும் உச்ச ஆம்பியர். நம் ஊர் சிங்கிள் ஃபேஸ் வீடுகளில் 5-30A மீட்டர் நிறைய உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் 32 ஆம்பியர் சார்ஜர் என்ற பேச்சுக்கே இடமில்லை, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்தாலும் கணக்கு உதைக்கும்.

அடுத்து, மின்வாரியம் உங்களுக்கு அனுமதித்த லோடு. வெள்ளை அட்டையில் இருக்கும், சர்வீஸ் நம்பரைப் போட்டு இணையத்திலும் பார்க்கலாம். நண்பர் வீட்டில் 3 கிலோவாட் என்று இருந்தது. ஏசி எதுவும் இல்லாத காலத்தில் வாங்கியது, அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

இப்போது வீடு நிஜமாக எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு எலக்ட்ரீஷியன் தேவையில்லை. மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் 3200 imp/kWh அல்லது 1600 imp/kWh என்று எழுதியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 முறை மினுக்கும் என்று அர்த்தம். ராத்திரி ஏசி எல்லாம் ஓடும் நேரத்தில் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, அதை மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். வேகமாக மினுக்கும்போது வெறும் கண்ணால் எண்ண முடியாது.

```
கிலோவாட் = ஒரு நிமிட மினுக்கல் × 60 ÷ மீட்டரில் உள்ள எண்
192 × 60 ÷ 3200 = 3.6
```

நண்பர் வீட்டில் இரண்டு ஏசியும் ஃபிரிட்ஜும் ஃபேன்களும் ஓடும்போது வந்தது இந்த 192. அதாவது 3.6 கிலோவாட், ஏறக்குறைய 16 ஆம்பியர். கார் வருவதற்கு முன்பே அனுமதித்த லோடைத் தாண்டியாகிவிட்டது. இதோடு 3.3 கிலோவாட் சார்ஜர் சேர்ந்தால் 6.9 கிலோவாட், 30 ஆம்பியர். மீட்டரின் வரம்பு அங்கேயே முட்டிவிடுகிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அதிகாலையில் யாராவது கீசரையும் மோட்டாரையும் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சாதாரண நாளில் உங்கள் வீட்டில் சார்ஜரையும் சேர்த்து இந்தக் கணக்கு அனுமதித்த லோடுக்குள்ளும், மீட்டரின் உச்ச ஆம்பியரில் முக்கால் பங்குக்குள்ளும் நின்றால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிப்பதுதான் வழி. சிங்கிள் ஃபேஸில் கொடுக்கும் லோடுக்கு உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் த்ரீ ஃபேஸாக மாற்றச் சொல்வார்கள். விண்ணப்பம், மதிப்பீடு, பணம் கட்டுவது, மீட்டர் மாற்றுவது என்று இதற்கு நாள் பிடிக்கும். காரை புக் செய்யும் முன் இதை ஆரம்பிக்கச் சொல்வது அதனால்தான்.

த்ரீ ஃபேஸ் இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3.3, 7.2 இரண்டு சார்ஜர்களுமே ஒரே ஒரு ஃபேஸில்தான் இழுக்கும். மூன்று ஃபேஸ் இருக்கிறதே என்று 7.2ஐ மூன்றாகப் பங்கு போட முடியாது, முழு 32 ஆம்பியரும் ஒரே ஃபேஸ் தலையில்தான் விழும். ஏசி எந்த ஃபேஸில், மோட்டார் எந்த ஃபேஸில் என்று பார்த்து, சும்மா இருக்கும் ஃபேஸை காருக்கு ஒதுக்குங்கள். ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்குத் திருப்பிக்கொள்ளும் ஃபேஸ் சேஞ்சர் சுவிட்சுக்குப் பின்னால் சார்ஜர் லைன் வரக் கூடாது. அதேபோல இன்வெர்ட்டர் லைனிலும் வரக் கூடாது.

இருக்கும் பாயிண்டைச் சோதிக்க ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு போதும்

கார் நிறுத்துமிடத்தில் ஏற்கெனவே 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. பழைய எலக்ட்ரீஷியன்கள் 3/20, 7/20 என்று வயரைச் சொல்வார்கள். 3/20 என்பது கிட்டத்தட்ட 2 சதுர மில்லிமீட்டர், 7/20 என்பது நாலரை. ஆனால் வயர் என்ன என்று தெரிந்தாலும் நடுவில் எத்தனை ஜாயின்ட் என்று சுவருக்குள் பார்க்க முடியாது. அதற்கு இந்தச் சோதனை.

சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் செருகும் சின்ன பவர் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது, வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும். 16 ஆம்பியருக்கு ஆனதாகப் பார்த்து வாங்குங்கள். அதன் வழியாக இண்டக்‌ஷன் அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் தண்ணீரை வைத்து 2000 வாட்டில் ஓட்டுங்கள். அடுப்பு போடும் முன் எத்தனை வோல்ட், போட்ட பின் எத்தனை வோல்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில், மீட்டரிலிருந்து வரும் லைன் வீட்டுக்குள் பிரியும் டிபி பெட்டியில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பதை எலக்ட்ரீஷியனை விட்டு மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். டிபியில் இறங்குவது தெருக் கம்பத்திலிருந்து வரும் வழியின் கணக்கு, மிச்சம் உங்கள் வீட்டு வயரின் கணக்கு.

நண்பர் வீட்டு போர்டிகோ பாயிண்டில் 231 இருந்தது 222க்கு வந்தது. டிபியில் 229. ஆக, 2 வோல்ட் வெளியே, 7 வோல்ட் வீட்டுக்குள். அடுப்பு இழுத்தது 8.7 ஆம்பியர். 7ஐ 8.7ஆல் வகுத்தால் 0.8 ஓம். டிபியிலிருந்து அங்கே சுமார் 20 மீட்டர், போக வர 40 மீட்டர் 3/20 செம்பு வயர் என்றால் 0.36 ஓம்தான் இருக்க வேண்டும். மீதி 0.44 ஓம் எங்கே? ஜாயின்ட்டுகளிலும் ஸ்க்ரூக்களிலும் சாக்கெட்டின் உள்ளேயும். 15 ஆம்பியர் ஓடினால் அந்த இடங்களில் மட்டும் 99 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்ன் 25 வாட். சுவருக்குள் நான்கு சால்டரிங் அயர்னைச் சொருகி ராத்திரி முழுக்க ஓட விட்ட மாதிரி.

அரை மணி நேரம் அடுப்பு ஓடிய பின் பிளக்கைப் பிடுங்கி அதன் பின்களையும் சாக்கெட் முகப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக் வாசனையோ, பின்னில் பழுப்பேறிய நிறமோ இருந்தால் அந்த பாயிண்டை மறந்துவிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் 4 வோல்ட்டுக்கு மேல் இறங்கினாலும் அதே பதில்தான், ஏனென்றால் கார் அந்த அடுப்பைப்போல ஒன்றே முக்கால் மடங்கு இழுக்கும்.

எர்த்: இங்கேதான் ஏமாறுகிறோம்

போர்ட்டபிள் சார்ஜரில் ஒரு கண்ட்ரோல் பெட்டி இருக்கும். எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு காட்டி சார்ஜ் செய்ய மறுக்கும். நல்லதுதான். ஆனால் அந்த விளக்கை அணைக்க ஊரில் ஒரு குறுக்கு வழி புழங்குகிறது: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. சார்ஜர் சந்தோஷமாக ஓடும். என்றாவது ஒரு நாள் நியூட்ரல் எங்காவது அறுந்தால், அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் மொத்த உடம்பிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். மழையில் நனைந்த தரையில் நின்று கதவைத் திறப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். "பத்து நிமிஷத்துல எர்த் ரெடி பண்ணிட்டேன் சார்" என்று யாராவது சொன்னால் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டரை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்து 230 காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது அடுத்த ஏமாற்றம். மல்டிமீட்டர் துளி மின்சாரம்கூட எடுக்காது, அதனால் உருப்படாத எர்த்திலும் அது 230 காட்டும். நண்பர் வீட்டில் 228 காட்டியது. தோண்டித் துருவியதில், எர்த் வயர் போர்வெல் இரும்புக் குழாயில் கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தது. அந்தக் குழாயை என்றோ பிவிசியாக மாற்றிவிட்டார்கள், மேலே தெரிந்த ரெண்டடி இரும்புத் துண்டு மட்டும் அலங்காரத்துக்கு இருந்தது. எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால் 180 ஓம். ஏதாவது ஒரு சாதனத்தில் ஃபேஸ் உடம்பைத் தொட்டால் இந்த எர்த் வழியாக 1.3 ஆம்பியர்கூடப் போகாது. அதிக ஆம்பியர் ஓடினால் விழ வேண்டிய எந்த எம்சிபி சுவிட்சும் அசையாது, வீட்டில் எர்த் இணைத்த எல்லா இரும்பிலும் கரண்ட் நிற்கும்.

அளக்கச் சரியான கருவி எர்த் டெஸ்டர். தரையில் இரண்டு முளைகளை அடித்து, வயரை இழுத்து அளப்பது. அது இருக்கும் ஆளைத் தேடிப் பிடியுங்கள். அளக்கும்போது எர்த் வயரைக் குழியிலிருந்து கழற்ற வேண்டியிருப்பதால் அந்த நேரம் மெயினை அணைத்துவிட வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கே குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கும் பழைய முறை வேண்டாம். எர்த் மோசமாக இருந்தால் அந்தச் சில நொடிகள் ஃபிரிட்ஜைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு ஷாக் அடிக்கும்.

5 ஓமுக்குள் வந்தால் நல்ல எர்த் என்று நம் ஊரில் கொள்கிறார்கள். இந்த எண் மாறிக்கொண்டே இருக்கும். ஐப்பசியில் 3 காட்டிய குழி சித்திரை வெயிலில் மண் காய்ந்ததும் 10 காட்டலாம். அதனால் கோடையில் அளந்தால்தான் நம்பலாம். புதுக் குழி போடுவதானால் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஈரம் இருக்கும் பக்கமாக, இரண்டரை மூன்று மீட்டர் ஆழத்துக்குக் கம்பி இறங்க வேண்டும். மேலே கிளாம்ப் தெரியும்படி சின்னத் தொட்டியும் மூடியும் வையுங்கள். சிமென்ட் பூசி மூடிவிட்டால் அப்புறம் துருப்பிடிப்பதை யாரும் பார்க்க முடியாது.

நல்ல எர்த் இருந்தாலும் ஆர்சிசிபி ஏன் வேண்டும்

5 ஓம் எர்த்தில் முழு ஷார்ட் ஆனாலும் ஓடுவது 230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். சி வகை 32 ஆம்பியர் எம்சிபி உடனே விழ அதைப்போல ஐந்திலிருந்து பத்து மடங்கு, அதாவது 160 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 46க்கு அது நிமிடக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்கும். வெறும் எர்த்தும் எம்சிபியும் ஆளைக் காப்பாற்றாது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் ஆர்சிசிபிதான் காப்பாற்றும்.

அதிலும் வகை முக்கியம். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மாற்று மின்சாரக் கசிவை மட்டும் கண்டுபிடிக்கும் ஏசி டைப். அதன் முகப்பில் ஒரே ஒரு அலைக்கோடு படம் இருக்கும். காரின் சார்ஜர் நேர் மின்சாரத்தைக் கையாள்வதால், கோளாறு வந்தால் கசிவிலும் நேர் மின்சாரம் கலந்து வரலாம். ஏசி டைப்புக்கு அது தெரியாது, சில நேரம் அதனால் மரத்துப்போய் சாதாரணக் கசிவைக்கூட விட்டுவிடும். அலைக்கோட்டுக்குக் கீழே தனித்தனி மேடுகளும் வரைந்திருக்கும் ஏ டைப்தான் குறைந்தபட்சம். சார்ஜர் பெட்டியின் விவரத்தில் 6 மில்லிஆம்பியர் நேர் மின்கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி உள்ளே இருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஏ டைப் போதும், இல்லையென்றால் பி டைப். பி டைப் விலை அதிகம், அதனால் அந்த வசதி உள்ள சார்ஜராகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும், அதை எர்த் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புது லைன்

நண்பர் வீட்டில் கடைசியில் செய்தது இது. த்ரீ ஃபேஸுக்கு மாறி 10-60A மீட்டர் வந்தது. இரண்டு ஏசியும் இரண்டு ஃபேஸில், மூன்றாவதில் காரும் சில்லறை லைட்டுகளும். டிபியிலிருந்து போர்டிகோவுக்கு நடுவில் ஜாயின்ட்டே இல்லாமல், தனி நியூட்ரல், தனி எர்த்தோடு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சுவருக்கு வெளியே பைப்பில். 3.3 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டரே தாராளம். ஆனால் நாளைக்கு 7.2 காருக்கு மாறினால் 32 ஆம்பியருக்கு 40 ஆம்பியர் எம்சிபி போட வேண்டியிருக்கும், அதற்கு நம் வெயிலில் 6 சதுர மில்லிமீட்டர் இழுபறி. இரண்டாம் முறை வயர் இழுக்கும் கூலிக்கு இப்போதே தடித்த வயர் லாபம்.

தடித்த வயரில் ஒரு தொல்லை, 16 ஆம்பியர் சாக்கெட்டின் ஸ்க்ரூவுக்குள் அது நுழையாது. நுழைய வைக்க இழைகளை வெட்டிக் குறைப்பவர்கள் உண்டு, விடாதீர்கள். காருக்கு அருகில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, தடித்த வயரை அதில் 20 ஆம்பியர் எம்சிபியிலும் ஏ டைப் ஆர்சிசிபியிலும் முடித்து, அங்கிருந்து ஒரு அடி தூரம் 4 சதுர மில்லிமீட்டர் வயரில் சாக்கெட்டுக்குப் போனோம். சாக்கெட் மட்டும் மலிவானதாக வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக் எதுவும் நடுவில் வரவே கூடாது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், தூரம் மட்டும் கூடும். மீட்டர் ரூமில் உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை தனி லைன் இழுங்கள், பொது மீட்டரில் தொங்காதீர்கள்.

முதல் ராத்திரி

சார்ஜரிலோ காரின் திரையிலோ ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் முதலில் 10இல் வைத்து ஓட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பிளக், சாக்கெட், எம்சிபி, மீட்டர் பெட்டியின் வெளிப்புறம் எல்லாம் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் முழு ஆம்பியருக்கு ஏற்றி இன்னொரு மணி நேரம். நண்பர் வீட்டில் புது லைனில் 15 ஆம்பியரில் இறங்கியது ஒரே ஒரு வோல்ட். சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஸ்க்ரூக்கள் தளரும் என்பதால் ஒரு மாதம் கழித்து எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட்டு, மெயினை அணைத்து எல்லாவற்றையும் ஒரு சுற்று முறுக்கச் சொல்லுங்கள்.

பில் விஷயம் ஒன்று. நாளைக்கு ஏழெட்டு யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 450 யூனிட் கூடும். 500 யூனிட்டுக்குள் இருந்த வீடுகள் அதைத் தாண்டும்போது கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்லாமல், கீழே கிடைத்துக்கொண்டிருந்த மலிவான படிக்கும் சேர்த்துக் காசு போகும். ஷோரூமில் கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று சொன்னால், அதை உங்கள் பழைய பில்லோடு 450ஐக் கூட்டி நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.